நேர்காணலில் "கல்யாணம் எப்போது?" என்று கேட்டால்: எதைக் குறித்துவைப்பது, எங்கே சொல்வது

நான் பல ஆண்டுகள் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தவள். தனியார் நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் ஆள்சேர்ப்பு என் வேலை. எங்கள் நேர்காணல் மதிப்பெண் தாளில் "குடும்ப நிலை" என்று ஒரு கட்டம் இருந்தது. பெண்கள் வந்தால் அதை நிரப்புவோம்: "வரன் பார்க்கிறார்கள்", "ஒரு குழந்தை, 2 வயது", "கணவருக்கு பெங்களூரில் வேலை". ஆண்கள் வந்தால் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதில் தவறு இருப்பதாக அப்போது எனக்கும் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றியதுதான். நேர்காணலில் திருமணம், குழந்தை, மதம் பற்றிக் கேட்கப்பட்டு, அதனால் வேலை போனதாக நினைக்கும் ஒருவர் புகார் எழுதும்போது, பெரும்பாலும் தன்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றி மட்டுமே எழுதுகிறார். மற்றவர்களிடம் அது கேட்கப்பட்டதா என்பதை எழுதுவதில்லை. ஆனால் இந்தியச் சட்டத்தில் புகாரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். "உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று ஒரு தனியார் நிறுவனம் நேர்காணலில் கேட்பதையே குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. கேட்டது அநாகரிகம் என்று சொல்லலாம். அதற்காக மட்டும் யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள். சட்டம் தடுப்பது, பாலினத்தைக் காரணமாக வைத்து வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுவதை. அதாவது கேள்வியைவிட, அந்தக் கேள்வியின் பதிலை வைத்து எடுத்த முடிவுதான் சட்டத்தின் கண்ணில் படுகிறது. கேள்வி என்பது அந்த முடிவுக்கான சாட்சி.

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இந்தத் தடையை வைத்திருந்தது. பெயரைப் பார்த்துச் சம்பளச் சட்டம் என்று பலர் நினைத்தார்கள். ஆள்சேர்ப்பும் அதற்குள் இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆள் எடுக்கும்போது பாலினத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்தப் பிரிவில் "பாலினம்" இருக்கிறது. "திருமண நிலை" என்ற சொல் இல்லை. எனவே நிறுவனத்தின் வழக்கறிஞர் சொல்லக்கூடிய முதல் வாதம் எளிதானது: "நாங்கள் பெண்களை ஒதுக்கவில்லை. வேலைக்கு எடுத்த இரண்டு பேரும் பெண்கள்தான். இவர் சேர்ந்த சில மாதங்களில் போய்விடுவார் என்று நினைத்தோம்." இது புதிய வாதமும் அல்ல. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே கிட்டத்தட்ட இந்த வழியில் போனது. அரசியலமைப்புச் சட்டம் தடுப்பது பாலினத்தின் பேரில் மட்டும் செய்யும் பாகுபாட்டை. பாலினத்தோடு வேறு காரணமும் சேர்ந்தால் அந்தத் தடை பொருந்தாது என்றது. முதல் முறை கருவுற்றதும் வேலையை விட்டு நீக்கலாம் என்ற விதியை அது அடித்து நொறுக்கியது. ஆனால் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்யக் கூடாது என்ற விதியை நியாயமானது என்று விட்டுவிட்டது.

அந்தப் பார்வை பின்னர் மாறியது. இராணுவச் செவிலியர் பணியிலிருந்து திருமணம் செய்துகொண்டதற்காக 1988இல் நீக்கப்பட்ட செலினா ஜானின் வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பெண்ணுக்குத் திருமணமானது என்பதால் வேலையை விட்டு நீக்குவது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்த விதி பெண் அதிகாரிகளுக்கு மட்டும் பொருந்தியது என்பதே அடிப்படை. திருமணமான ஆண் வேலையில் இருக்கலாம், திருமணமான பெண் இருக்கக் கூடாது என்றால், அங்கே திருமணம் என்பது பாலினத்தின் மறுபெயர்.

ஆக, திருமணமான பெண்ணைத் திருமணமாகாத பெண்ணோடு ஒப்பிட்டால் வாதம் வலுவிழக்கிறது. திருமணமான ஆணோடு ஒப்பிட்டால் நிமிர்ந்து நிற்கிறது. மதிப்பெண் தாளின் காலிக் கட்டம் ஏன் அத்தனை முக்கியம் என்பது இப்போது புரியும்.

இதே சிக்கலைத் தமிழ்நாடு 2024இல் பெரிய அளவில் பார்த்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோக்கும் வேலைக்குத் திருமணமான பெண்கள் எடுக்கப்படுவதில்லை என்று அந்த ஆண்டு ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. அந்தச் செய்தியின் வலுவான ஆதாரங்களில் ஒன்று எது தெரியுமா? ஆள்சேர்ப்பு முகவர்கள் போட்ட விளம்பரங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வந்து ஒரு வாரத்தில் காணாமல் போகும் படங்கள். யாரோ அவற்றை அழிக்காமல் வைத்திருந்தார்கள்.

நிறுவனங்கள் ஏன் கேட்கின்றன? பழைய ஆளாகச் சொல்கிறேன்: வெறுப்பால் கேட்டவர்கள் குறைவு, கணக்கால் கேட்டவர்கள் அதிகம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும் ஊழியர்களுக்கு அந்தத் தொகையை ஈ.எஸ்.ஐ. கழகம் தருகிறது, அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு முழுச் செலவும் நிறுவனத்தின் தலையில். அதனால்தான் கணக்கர், பொறியாளர், மேலாளர் போன்ற பணிகளுக்கான நேர்காணலில் "குழந்தை எப்போது?" என்ற கேள்வி கூடுதல் ஆர்வத்தோடு வருகிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது ஒரு விதத்தில் உதவும். கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்பது முதல் வாக்கியத்திலேயே புரிந்துவிடும்.

மதம் பற்றிய கேள்வி தனி வகை. அங்கே சட்டம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அரசு வேலை என்றால் அரசியலமைப்புச் சட்டத்தின் 16(2) பிரிவு மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை வெளிப்படையாகத் தடுக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். சமய நிறுவனங்களின் நிர்வாகம் தொடர்பான பதவிகளுக்கு 16(5)இல் விலக்கு உண்டு. கோயில் நிர்வாகப் பதவிக்கு விண்ணப்பிப்பவரிடம் மதத்தைக் கேட்பது அந்த விலக்கில் வரும். தனியார் நிறுவனம் என்றால் நிலைமை வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கும், திருநர்களுக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் தனியார் வேலையிலும் பாதுகாப்புத் தரும் தனிச் சட்டங்கள் உள்ளன. மதத்துக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. "நீங்கள் எந்த மதம்? வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போவீர்களா?" என்று ஒரு தனியார் அதிகாரி கேட்டு, அதனால் ஆளைத் தவிர்த்தால், தொழிலாளர் அலுவலகத்தில் பிடிக்கக் கையில் கயிறு இல்லை. இதை மழுப்பாமல் சொல்வதே நேர்மை. அந்த நிலையில் மிஞ்சுவது நிறுவனத்தின் சொந்த விதிமுறை. பெரிய நிறுவனங்கள், குறிப்பாக வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவை, மதப் பாகுபாடு கூடாது என்று நடத்தை விதிகளில் எழுதிவைத்திருக்கின்றன. விதிமீறல்களைத் தெரிவிக்கத் தனி மின்னஞ்சலும் இருக்கும். அந்த வாசலில்தான் தட்ட வேண்டும்.

எல்லாக் கேள்வியையும் சந்தேகப்படவும் வேண்டாம். "மாதத்தில் பத்து நாள் வெளியூர் பயணம் உண்டு, முடியுமா?" என்பது வேலையைப் பற்றிய கேள்வி. "இரவுப் பணிக்குச் சம்மதமா?" என்பதும் அப்படியே. "பத்து நாள் வெளியூர் என்றால் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டாரா?" என்பது வேலையைப் பற்றியது அல்ல. முதல் கேள்வியை எல்லாரிடமும் கேட்க முடியும். மூன்றாவதை ஆண்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். சோதித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அதேபோல், வேலை உறுதியான பிறகு வருங்கால வைப்பு நிதிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் வாரிசு நியமனப் படிவம் தருவார்கள். அதில் கணவர் பெயரும் குழந்தைகளின் வயதும் கேட்பது முறைதான். அந்தப் படிவத்தைத் தேர்வுக்கு முன்பே நீட்டினால்தான் கேள்வி எழுகிறது.

பொய் சொல்லலாமா என்று இளம்பெண்கள் கேட்பார்கள். நீரா மாத்தூர் என்பவரின் வழக்கு இதற்கு நல்ல பாடம். 1989இல் எல்.ஐ.சி.யில் உதவியாளர் வேலைக்குத் தேர்வானவர் அவர். சேருவதற்கு முன் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுத்தார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. தகுதிகாண் பருவத்தில் அவர் மகப்பேறு விடுப்பு எடுத்தார். படிவத்தில் பொய்த் தகவல் கொடுத்தார் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்த்தது. அந்தக் கேள்விகள் கூச்சத்தையும் அவமானத்தையும் தருபவை, படிவத்திலிருந்தே நீக்க வேண்டும் என்றது. அவர் வென்றார். ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். "பொய்த் தகவல்" என்ற ஒற்றைச் சொல் நிறுவனத்தின் கையில் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன். பொய் எழுதுவதைவிடக் கட்டத்தைக் காலியாக விடுவது பாதுகாப்பு. வாயால் கேட்டால், "இந்தப் பணியின் நேரமும் பயணமும் எனக்கு ஒத்துவரும். வேறு ஏதேனும் தெரிய வேண்டுமா?" என்று வேலையின் பக்கம் திருப்பலாம். பதில் சொல்லிவிட்டாலும் குற்றமில்லை. அந்த அறையில் வேலை தேடுபவருக்கு இருக்கும் அழுத்தம் எனக்குத் தெரியும். பதில் சொன்னதால் புகார் செய்யும் உரிமை போய்விடாது.

இனிப் பதிவுக்கு வருவோம். ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட பல நிகழ்ச்சிகளைச் சேர்த்துச் செய்தது.

மீனா, 27 வயது, வணிகவியல் பட்டதாரி, நான்கு ஆண்டு அனுபவம். கோவையில் ஒரு பம்புசெட் நிறுவனத்தில் கொள்முதல் உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறாள். ஒரே பணியிடம். நேர்காணல் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். பத்து நிமிடம் கொள்முதல் ஆணை, ஜி.எஸ்.டி. என்று போன பிறகு, கொள்முதல் மேலாளர் கேட்கிறார்: "கல்யாணம் ஆகிவிட்டதா?" போன தை மாதம் ஆனது என்கிறாள். "அப்படியானால் அடுத்த வருடம் லீவு கேட்பீர்கள்." மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நேர்காணல் அதோடு முடிகிறது.

வெளியே வந்தவுடன் மீனா செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: பஸ் ஏறுவதற்கு முன் எழுதுவது. அம்மாவுக்குப் போன் செய்வதற்கும் முன். ஒருவரிடம் கதையாகச் சொல்லிவிட்டால் அடுத்த முறை அந்தக் கதையின் சொற்கள்தான் நினைவில் இருக்கும். அறையில் கேட்ட சொற்கள் போய்விடும். அவள் எழுதியது இப்படி இருக்கலாம்:

"தேதி, செவ்வாய்க்கிழமை. அழைப்பு 11 மணிக்கு. உள்ளே போனது 11.20, வெளியே வந்தது 11.35. இரண்டாம் மாடி, கண்ணாடி அறை. இருந்தவர்கள்: கொள்முதல் மேலாளர் (பெயர்ப் பலகை இருந்தது), மனிதவள அலுவலர் (மின்னஞ்சல் அனுப்பியவர்), கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர், பெயர் தெரியாது. சுமார் 11.30: மேலாளர், 'கல்யாணம் ஆகிவிட்டதா?' நான், 'ஆமாம், ஜனவரியில்.' மேலாளர், 'அப்படியானால் அடுத்த வருடம் லீவு கேட்பீர்கள்.' இருவர் சிரித்தார்கள். மனிதவள அலுவலர் எதுவும் சொல்லவில்லை. அதன் பின் வேலை பற்றிக் கேள்வி இல்லை. சம்பளம் பற்றிப் பேசவில்லை. எனக்கு முன் உள்ளே போனவர் ஓர் ஆண், வரவேற்பறையில் பேசினோம்."

இதில் "அவமானப்படுத்தினார்", "பெண்களை வெறுப்பவர்" போன்ற சொற்கள் இல்லை. கேட்டது எந்த மொழியிலோ அதே மொழியில், அதே சொற்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறாள்; பெயரை ஊகித்து எழுதி அது தவறாகப் போனால் மீதி அனைத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகும். எழுதியதைத் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து தனக்கே அனுப்பிக்கொண்டால் நாளும் நேரமும் தாமாகப் பதிந்துவிடும். இரவில் வேறு ஏதாவது நினைவுக்கு வந்தால் பழையதைத் திருத்தக் கூடாது. "இரவு 9 மணிக்கு நினைவுக்கு வந்தது" என்று தனியாக இன்னொன்று அனுப்ப வேண்டும்.

அடுத்தது அந்த ஆண். மீனா வரவேற்பறையில் அவரிடம் எண் வாங்கியிருந்தால் மாலையில் ஒரு வரி கேட்கலாம்: "உங்களிடம் குடும்பம் பற்றி ஏதாவது கேட்டார்களா?" "இல்லையே, ஏன்?" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தால், அது அவளுடைய குறிப்புக்குச் சமமான எடை உள்ளது. அவர் திருமணமானவர் என்று தெரிந்தால் இன்னும் நல்லது. பின்னர் அந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர் யார் என்பதையும் பார்த்துவைக்க வேண்டும்.

விளம்பரம், அழைப்பு மின்னஞ்சல், நிரப்பிக் கொடுத்த விண்ணப்பப் படிவம் ஆகியவற்றை அன்றே பத்திரப்படுத்த வேண்டும். வேலைவாய்ப்பு இணையதளங்களில் விளம்பரம் சில நாட்களில் மறைந்துவிடும். திரைப்பிடிப்பு எடுக்கும்போது தேதியும் அனுப்பியவரின் எண்ணும் தெரிய வேண்டும். மூலச் செய்தியை அழிக்கக் கூடாது. நிறுவனத்தில் கையால் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தைப் படம் எடுக்கப் பெரும்பாலும் விட மாட்டார்கள். என்னென்ன கட்டங்கள் இருந்தன என்பதைக் குறிப்பில் எழுதினால் போதும்.

ஒலிப்பதிவு செய்யலாமா? தான் பங்கேற்கும் உரையாடலைத் தானே பதிவு செய்வதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. நீதிமன்றங்கள் அத்தகைய பதிவுகளைச் சாட்சியமாக ஏற்றும் இருக்கின்றன. ஆனால் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, எந்தக் கருவியில் பதிவானது என்ற விவரங்களோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஒரு எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். கோப்பை வெட்டினாலோ ஒட்டினாலோ அந்த எண் மாறிவிடும். எனவே மூலக் கோப்பைத் தொடாமல், அதே போனில் வைத்திருப்பது நல்லது. என் கருத்தைக் கேட்டால், போனில் நடக்கும் முதற்கட்ட நேர்காணலுக்கு ஒலிப்பதிவு பயன்படும். நேரில் போகும்போது பலவீனமான வழி. பல ஆலைகளில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மறைத்து எடுத்துப்போனதே பிறகு பேச்சாகிவிடும். பதினைந்து நிமிடத்துக்குள் எழுதிய ஒரு பக்கக் குறிப்பை யாரும் அப்படித் திசைதிருப்ப முடியாது.

பதிவை முகநூலில் போடும் ஆசை வரும். வேண்டாம். மேலாளரின் பெயரோடு போட்டால் அவதூறு வழக்கு மீனாவின் பக்கம் திரும்பலாம். புகாரை விசாரிக்க வேண்டியவரும் "ஏற்கெனவே பகிரங்கமாகிவிட்டதே" என்று தட்டிக் கழிப்பார்.

இனி எங்கே சொல்வது. முதல் கடிதம் நிறுவனத்துக்கு, முடிவு வந்த பிறகு. முடிவு வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து. நீளமாக வேண்டாம்:

"அன்றைய நேர்காணலில் என் திருமண நிலை பற்றிக் கேட்கப்பட்டு, அடுத்த ஆண்டு விடுப்பு கேட்பேன் என்றும் சொல்லப்பட்டது. இந்தக் கேள்வி எல்லா விண்ணப்பதாரர்களிடமும் கேட்கப்பட்டதா? நான் தேர்வாகாததற்கான காரணம் என்ன? எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

மிரட்டலும் சட்டப் பிரிவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இப்படியொரு கடிதம் வந்தால் அலுவலகத்தின் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சூடான கடிதம் நேராக வழக்கறிஞரிடம் போய் மௌனமாகிவிடும். அமைதியான கடிதத்துக்கு யாராவது ஒரு இளநிலை அலுவலர் பதில் எழுதிவிடுவார். "அது பொதுவாகப் பேசியதுதான், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று பதில் வந்தால், கேள்வி கேட்கப்பட்டது என்பதை நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டது என்று பொருள். அதற்குப் பிறகு "அப்படி யாரும் கேட்கவில்லை" என்று சொல்ல முடியாது. பதிலே வராவிட்டால் கடிதம் அனுப்பிய தேதி கையில் இருக்கிறது.

அடுத்த படி தொழிலாளர் துறை. மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவைப் புகாரின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். "ஆள்சேர்ப்பு எங்கள் வேலை இல்லை, வேலையில் சேர்ந்தவர்களுக்குத்தான் நாங்கள்" என்று திருப்பி அனுப்பும் பழக்கம் உண்டு. அந்தப் பிரிவின் எண் அதற்குப் பதில். நேர்காணல் மதிப்பெண் தாள்களை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று கோரிக்கையாக எழுதுங்கள். மீனாவிடம் இல்லாத ஆதாரம் அதுதான், நிறுவனத்தின் அலமாரியில் இருப்பதும் அதுதான். எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்: முதல்முறை மீறலுக்கு அபராதம் 20,000 ரூபாய் வரைதான், அதற்கும் முன், சரிசெய்துகொள்ள நிறுவனத்துக்கு வாய்ப்புத் தரப்படும். அந்த வேலை மீனாவுக்குக் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தேசிய மகளிர் ஆணையத்துக்கும் மாநில மகளிர் ஆணையத்துக்கும் எழுதலாம். தேசிய ஆணையத்தில் இணையம் வழியாகவே புகார் பதியலாம். அவர்கள் தண்டிக்க முடியாது. விளக்கம் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுவார்கள். ஆணையத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் நேர்காணல் படிவம் திருத்தப்பட்டதை நானே பார்த்தேன்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல் இருக்கிறது. கேள்வி திருமணத்தைத் தாண்டிப் பாலியல் பக்கம் போனால், அதாவது உடலைப் பற்றியோ, கணவனோடுள்ள உறவைப் பற்றியோ பேச்சு திரும்பினால், அது 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண் என்பவர் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நேர்காணலுக்கு வந்தவரும் அந்த நிறுவனத்தின் உள்ளகப் புகார் குழுவிடம் போகலாம். பத்துக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்ற வெறும் கேள்விக்கு இந்த வாசல் பொருந்தாது, அதை இங்கே கொண்டுபோனால் தள்ளுபடி ஆகும், நாட்களும் வீணாகும். காவல் நிலையத்துக்கும் இதே பதில்தான்.

அரசு அல்லது பொதுத்துறை வேலை என்றால் வழி இன்னும் தெளிவு. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் நேர்காணல் மதிப்பெண்ணையும், தேர்வானவர்களின் மதிப்பெண்களையும் கேட்கலாம். ஒன்றிய அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். நேர்காணல் செய்தவர்களின் பெயரைக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். மதிப்பெண்ணைக் கேட்பதே பயன் தரும். எழுத்துத் தேர்வில் முன்னணியில் இருந்தவர் நேர்காணலில் மட்டும் சரிந்திருந்தால், அன்று எழுதிய குறிப்போடு அந்த எண்களையும் சேர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட ஒரு வழக்கறிஞருக்குப் பிடி கிடைக்கிறது. மதம் பற்றிய கேள்விக்கும் இங்கே சட்டம் துணை நிற்கும்.

ஒருவேளை மீனாவுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டால்? நடக்கும். கேட்ட மேலாளரே தேர்வும் செய்வார். அப்போது புகாருக்கு எதுவும் இல்லை, பாகுபாடான முடிவு எடுக்கப்படவில்லை. ஆனாலும் தனக்குத்தானே அனுப்பிய அந்த மின்னஞ்சலை அவள் அழிக்கக் கூடாது. அடுத்த ஆண்டு அவள் கருவுற்று, தகுதிகாண் பருவத்தில் "செயல்பாடு திருப்தியாக இல்லை" என்று ஒரு கடிதம் வந்தால், சேருவதற்கு முன்பே அந்த மேலாளர் லீவைப் பற்றிச் சொன்ன வாக்கியம் தேதியோடும் நேரத்தோடும் அவளிடம் இருக்கும்.